பந்தலுக்கு வெளியே நின்ற அண்ணன்

போன வருஷம் கோத்தா திங்கியில் பெரியப்பா இறந்தபோது, அவருடைய மூத்த மகன் பந்தலுக்கு வெளியே, சாலையோரமாக நின்றிருந்தார். மலாய்ப் பெண்ணைக் கட்டியவர். இந்த நாட்டில் முஸ்லிமைச் சட்டப்படி கட்ட வேண்டுமென்றால் மதம் மாறித்தான் ஆகணும். "மாறினவன் உள்ளே வரக்கூடாது" என்று தடுத்தவர் எங்கள் மாமா. இதே மாமாதான் மூர்த்தி வழக்கைப் பற்றி மேடை போட்டுப் பேசுவார்.

மூர்த்தி 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த ராணுவ வீரர். 2005 டிசம்பர் 20 அன்று இறந்தார். அவர் 2004லேயே இஸ்லாத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்லி மத இலாகா உடலைக் கேட்டது. மனைவி அதை ஏற்கவில்லை. தன் கணவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்றார். ஷரியா நீதிமன்றம் அவர் முஸ்லிம் என அறிவித்தது. மனைவி இந்து என்பதால் அங்கே அவருக்கு இடமில்லை. சிவில் நீதிமன்றமோ, அரசியலமைப்பின் 121(1A) பிரிவைக் காட்டி, ஷரியா விஷயத்தில் தலையிட அதிகாரமில்லை என்று டிசம்பர் 28 அன்று கைவிரித்தது. அன்றே அடக்கம் நடந்துவிட்டது.

உள்ளே போக இரண்டு வரிச் சாட்சி மொழி, பதிவு, சான்றிதழ். வெளியே வர ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவு. ஞானஸ்நானம் பெற்ற லீனா ஜோய், அடையாள அட்டையில் 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்கக் கேட்டுப் பல வருஷம் அலைந்தார். 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றம் 2-1 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெளியேறும் வழியைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் நெகிரி செம்பிலானில்கூட முதலில் 90 நாள் ஆலோசனை, பிறகும் ஒரு வருஷம் வரை இழுக்கலாம். இந்தக் கதவு அநியாயமானது. அதில் எனக்கு மாமாவோடு சண்டையே இல்லை.

சண்டை வேறு. நம்மிடம் பதிவேடும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. இந்துவாகப் பிறந்தவனுக்கு நாம் எந்தக் காகிதமும் கொடுப்பதில்லை. மூர்த்தியின் மனைவியின் வார்த்தையைக் கேட்க எந்த நீதிமன்றமும் இல்லாமல் போனது. காகிதம் இல்லாத நாம் ஒருவனை வெளியே தள்ளுவதற்கு மட்டும் எந்த உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பேர் இருக்காது, காரியத்தில் இடமிருக்காது. மூர்த்தி விஷயத்தில் உண்மை எதுவாக இருந்தாலும், இப்படி நடத்தப்படுவோம் என்று தெரிந்தவன் வீட்டில் சொல்லிவிட்டா மாறுவான்? சொல்லாமல் மாறுவான். செத்த பிறகு இலாகா வந்து சொல்லும். அப்போது போஸ்டர் அடிப்போம்.

தேவாலயத்துக்குப் போன சித்திக்கும் இதே கதிதான். அங்கே ஷரியா கோர்ட்டும் இல்லை, எந்த இலாகாவும் இல்லை. தடுத்தது முழுக்க நாம்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணனைக் கூப்பிடச் சொல்லிப் பெரியம்மாவிடம் கேட்டேன். "ஊர் என்ன சொல்லும்யா" என்றார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.