‘இல்லை’க்கு மேல் ‘இல்லை’: மாட்டுக் காப்பீட்டு விதிகளைப் பிரித்துப் படிப்போம்

மாட்டுக்குக் காப்பீடு எடுத்த விவசாயிகள் எல்லோருக்கும் ஒரு விதி மனப்பாடமாகத் தெரியும். ‘காது வில்லை இல்லை என்றால் இழப்பீடு இல்லை.’ இதில் இரண்டு ‘இல்லை’ இருந்தும் யாரும் குழம்புவதில்லை. மாடு இறந்தால் முதலில் காதைப் பார்க்கிறார்கள், வில்லையைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

அதே பாலிசியில் ‘விலக்குகள்’ என்ற தலைப்பின் கீழ் வரும் விதிகளை இப்படி யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அவை எழுதப்பட்டிருக்கும் விதம்தான் காரணம். ஒரே வாக்கியத்தில் மூன்று, நான்கு எதிர்மறைச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். தமிழில் வினைச்சொல் இறுதியில் வருவதால், இழப்பீடு உண்டா இல்லையா என்பது கடைசி வரியில்தான் தெரியும்.

பெரும்பாலான மாட்டுக் காப்பீடுகளில் தடுப்பூசி பற்றி ஒரு விலக்கு இருக்கும். வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த நடையில் நான் எழுதிய ஒரு மாதிரி இது:

“கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் ஆகிய நோய்களால் நேரும் இறப்பு, அந்நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்டு அதற்கான கால்நடை மருத்துவரின் சான்று சமர்ப்பிக்கப்படாத நிலையில், விலக்குகளிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதப்பட மாட்டாது.”

ஒரு முறை படித்தால் பலருக்கும் பிடிபடாது. ஒரு பென்சிலை எடுத்து, எதிர்மறைப் பொருள் தரும் சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘சமர்ப்பிக்கப்படாத’, ‘மாட்டாது’ ஆகிய இரண்டும் உடனே கண்ணில் படும். இன்னும் இரண்டு ஒளிந்திருக்கின்றன. ‘விலக்கு’ என்றால் காப்பீட்டில் சேராதது. ‘நீக்கப்பட்ட’ என்பதும் ஓர் எதிர்மறையே. ஆக மொத்தம் நான்கு. ‘தவிர’, ‘ஒழிய’, ‘இன்றி’, ‘அல்லாத’, ‘ரத்து’, ‘மறுப்பு’ போன்றவையும் இப்படி ஒளிந்திருக்கும் சொற்கள்தான். அவற்றையும் விடாமல் எண்ண வேண்டும்.

அடுத்து, வாக்கியத்தைப் பின்பக்கமிருந்து படிக்க வேண்டும். ‘நீக்கப்பட்டதாகக் கருதப்பட மாட்டாது’ என்றால் நீக்கப்படவில்லை என்று பொருள். விலக்கிலிருந்து நீக்கப்படவில்லை என்றால் அந்த இறப்பு விலக்கிலேயே இருக்கிறது. விலக்கில் இருந்தால் இழப்பீடு இல்லை. பின்பாதியில் இருந்த மூன்று எதிர்மறைகள் இப்போது ஒரே ‘இல்லை’ ஆகிவிட்டன. அவை மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அப்படிச் சுருக்கலாம். முன்பாதியில் உள்ள ‘சமர்ப்பிக்கப்படாத’ என்பது வேறு பொருளைப் பற்றியது, அது சான்றின் கதை. அதை இவற்றோடு சேர்த்துக் கழிக்கக் கூடாது.

இப்போது கிடைப்பது இது: “கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் ஆகிய நான்கு நோய்களில் ஒன்றால் மாடு இறந்து, அந்த நோய்க்குத் தடுப்பூசி போடவில்லை என்றாலோ, போட்டதற்கான மருத்துவர் சான்றைக் கொடுக்கவில்லை என்றாலோ, இழப்பீடு இல்லை.” காது வில்லை விதியைப் போலவே ‘இல்லை என்றால் இல்லை’ என்ற வடிவத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் சுருக்க வேண்டியதில்லை.

கிராமத்தில் சிக்கல் தொடங்குவது இதற்கு மேலும் சுருக்கும்போதுதான். சொல்லுகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் எளிமையாக்குகிறார். ஆனால் விதியின் விளைவே மாறிவிடுகிறது. மூன்று விதமாக இது நடக்கிறது.

முதலாவது, ‘தடுப்பூசி போட்டால் இழப்பீடு கிடைக்கும்’ என்று திருப்பிச் சொல்வது. விதி அப்படிச் சொல்லவில்லை. தடுப்பூசியும் சான்றும் இருந்தால் இந்த ஒரு விலக்கு குறுக்கே நிற்காது, அவ்வளவுதான். மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கும். பாலிசி தொடங்கிய முதல் 15 நாட்களுக்குள் நோய் தொற்றி இறந்தால் இழப்பீடு இல்லை என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. ஜூன் 1-ம் தேதி பாலிசி தொடங்கி, 8-ம் தேதி கோமாரி கண்டு மாடு இறந்தால், தடுப்பூசிச் சான்று கையில் இருந்தும் அந்த விதி மறிக்கும். காது வில்லை இருப்பதாலேயே பணம் வந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். தடுப்பூசியும் அப்படித்தான்.

இரண்டாவது, ‘தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் காப்பீடே இல்லை’ என்று சொல்வது. நோய்களின் பெயரை விட்டுவிட்டதால் நான்கு நோய்களுக்கான விலக்கு எல்லா இறப்புக்குமானதாக ஆகிவிடுகிறது. இது விவசாயிக்கு நேரடி நட்டம். பாம்பு கடித்தோ, மின்னல் தாக்கியோ இறந்த மாட்டுக்கும் இந்த விதிக்கும் தொடர்பே கிடையாது. ‘நாமதான் ஊசி போடலையே’ என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவருக்கு, நிறுவனம் மறுப்பதற்கு முன்பே நாமே மறுத்துவிடுகிறோம்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய ஒரு பொறி. ‘தடுப்பூசியும் சான்றும் இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். ஊசி போட்டுச் சான்று வாங்காதவர் இதைப் படித்தால், ‘இரண்டும் இல்லாதவருக்குத்தானே, என்னிடம் ஒன்று இருக்கிறதே’ என்று நினைப்பார். மூல விதியோ இரண்டையும் கேட்கிறது. ‘இதுவும் அதுவும் வேண்டும்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘இதுவோ அதுவோ இல்லாவிட்டாலும்’ என்று மாற வேண்டும். ‘இரண்டில் எது இல்லாவிட்டாலும்’ என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான விதியும் அதே பக்கத்தில் இருக்கும். மாட்டை வேண்டுமென்றே கொன்றால் இழப்பீடு இல்லை. ஆனால் குணமாகாத வேதனையிலிருந்து விடுவிக்க, தகுதியுள்ள கால்நடை மருத்துவரின் சான்றின் பேரிலோ, சட்டப்படியான அதிகாரியின் ஆணையின் பேரிலோ கொன்றிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. இங்கே இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். ‘சான்றும் ஆணையும் இல்லாவிட்டால்’ என்று கவனமில்லாமல் சுருக்கினால், மருத்துவர் சான்று வைத்திருப்பவர் ஆணையைத் தேடி அலைய நேரும்.

நாம் பிரித்து எழுதியது சரிதானா என்று பார்க்கச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. நான்கு மாடுகளை மனதில் கட்டிப் பாருங்கள். முதல் மாடு கோமாரியில் இறந்தது, ஊசியும் சான்றும் இருக்கின்றன. இரண்டாவதும் கோமாரி, ஊசி போட்டாயிற்று, சான்று இல்லை. மூன்றாவதும் கோமாரி, ஊசியே போடவில்லை. நான்காவது பாம்பு கடித்து இறந்தது, ஊசி போடவில்லை. மூல விதிப்படி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இழப்பீடு இல்லை. முதல் மாட்டையும் நான்காவது மாட்டையும் இந்த விதி தடுக்காது. நீங்கள் எழுதிய எளிய வாக்கியமும் நான்கு மாடுகளுக்கும் இதே விடையைத் தர வேண்டும். ‘ஊசி போட்டால் கிடைக்கும்’ என்ற வாக்கியம் இரண்டாவது மாட்டில் தோற்கும். ‘சான்று இல்லாவிட்டால் காப்பீடே இல்லை’ என்பது நான்காவதில் தோற்கும். ஒரு மாட்டுக்கு விடை மாறினாலும் விதி மாறிவிட்டது என்று பொருள்.

விதியில் இல்லாததைச் சேர்ப்பதும் மாற்றம்தான். மேலே உள்ள மாதிரியில் தடுப்பூசி எப்போது போட்டிருக்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடப்படுவதால், ‘கடந்த ஆறு மாதத்துக்குள்’ என்று நாமே எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. உங்கள் பாலிசியில் காலம் தெளிவாக இல்லை என்றால், அதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவதே வழி.

‘தடுப்பூசி போட்ட மாடுகளுக்கு மட்டுமே இந்த நோய்களுக்குக் காப்பீடு’ என்று நேர்மறையாக எழுதினால் என்ன என்று சிலர் கேட்கலாம். படிக்க எளிதுதான். ஆனால் ஒரு விலக்கு பொருந்துகிறது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதிரி விதியில் சான்று கொடுப்பது விவசாயியின் பொறுப்பு. அதற்கு முன், மாடு இறந்தது அந்த நான்கு நோய்களில் ஒன்றால்தான் என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. விலக்கை எடுத்து ‘எதற்குக் காப்பீடு’ என்ற பகுதியில் தகுதியாக வைத்துவிட்டால், அந்தப் பொறுப்பும் விவசாயி தலையில் விழக்கூடும். ஆகவே விலக்கை எளிய தமிழில் எழுதினாலும் ‘விலக்குகள்’ என்ற தலைப்பின் கீழேயே எழுத வேண்டும்.

இதில் கால்நடைத் துறைக் களப்பணியாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தடுப்பூசி முகாம்களில் ஊசி போட்டதும் மாடு வீட்டுக்குப் போய்விடுகிறது, பலரும் சான்று கேட்பதில்லை. நம் நான்கு மாடுகளில் ஊசி போட்டும் இழப்பீட்டை இழந்த இரண்டாவது மாடு இதுதான். ஊசியின் பெயர், போட்ட தேதி, பாலிசியில் உள்ள அதே காது வில்லை எண், மருத்துவரின் கையொப்பம், முத்திரை ஆகியவற்றோடு அன்றே ஒரு சான்று கொடுத்தால் போதும். வில்லை எண் இல்லாத சான்றை வைத்து, அது இறந்த மாட்டுக்கு உரியதுதான் என்று பின்னால் காட்டுவது கடினம்.

காப்பீட்டு நிறுவனங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பாலிசியின் மூல வாசகத்தை மாற்றச் சொல்லவில்லை. இழப்பீட்டை முடிவு செய்வது அதுவே. ஒவ்வொரு விலக்குக்கும் பக்கத்தில், ‘இல்லை என்றால் இல்லை’ வடிவத்தில் ஒரு வரித் தமிழையும், கீழே நான்கு மாடுகளின் கணக்கையும் அச்சிட்டுக் கொடுக்கட்டும். காது வில்லை விதியை ஊரே புரிந்துகொள்ளும்படி சொல்ல முடிந்தவர்களுக்கு, தடுப்பூசி விதியையும் அப்படிச் சொல்ல முடியும்.