525 மடங்கு என்னும் புளுகு

இருங்காட்டுக்கோட்டையில் என் பக்கத்து வீட்டுத் தம்பி போனஸ் பணத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தார். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருந்தது. "அண்ணே, இதுல நிலாவுல இறங்கின விக்ரம் லேண்டர் தெரியும்ல?" என்றார்.

தெரியாது. மடங்கு கூடக் கூட நுணுக்கமும் கூடும் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. 700 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. கண்வில்லையால் வகுத்தால் 175; இடையில் மும்மடங்கு பார்லோ வில்லையைச் செருகினால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் பார்க்க வேண்டிய எண், பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் கிடந்தது: 70 மி.மீ. முன்வில்லையின் விட்டம்.

ஒளி ஓர் அலை. வட்டமான திறப்பின் வழியே வரும் விண்மீனின் ஒளி புள்ளியாகக் குவியாது; சிறு வட்டாகத்தான் விழும். அருகருகே உள்ள இரண்டு விண்மீன்களைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒன்றின் அலை மற்றதன் அலையைவிட, வில்லையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குள் ஏறத்தாழ ஓர் அலைநீளமாவது சாய்ந்து வர வேண்டும். வில்லை அகலமானால் மிகச் சிறிய கோணமே அந்தச் சாய்வைத் தந்துவிடும். அகலம் குறைந்தால் கோணம் பெரிதாக வேண்டும். 70 மி.மீ.க்கு அந்தக் கோணம் சுமார் 2 விகலை, அதாவது ஒரு பாகையில் 1,800-இல் ஒரு பங்கு. நிலவின் தொலைவில் அது கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர். அதற்கும் சிறியதைக் கண்வில்லையால் வரவழைக்க முடியாது. 140 மடங்குக்கு மேல் மங்கல்தான் பெரிதாகும்.

நம்பாதவர்கள் புனர்பூசத்தின் காஸ்டரைப் பாருங்கள். சிப்காட் விளக்கு வெளிச்சத்திலும் அது தெரியும். 10 மி.மீ. கண்வில்லையில், 70 மடங்கில், அது இரண்டு விண்மீனாகப் பிரியும். பிறகு அட்டையில் 20 மி.மீ. துளை போட்டு முன்வில்லையை மூடுங்கள். மடங்கு அதே 70தான், இரண்டும் ஒன்றாகிவிடும். தம்பி அட்டையை மூன்று முறை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார்.

சரி, கண்ணாடியைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே? காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடி இருக்கிறது. கணக்குப்படி அது 0.06 விகலையைப் பிரிக்க வேண்டும். ஆனால் மேலே அலையும் காற்று படத்தை ஒரு விகலைக்கும் மேலாகக் கலைத்துவிடுகிறது. மிகக் குறுகிய நேரப் படங்களை ஏராளமாக எடுத்து, கணக்குப் போட்டுத்தான் இழந்த நுணுக்கத்தை மீட்கிறார்கள். பெட்டிக்காரர்கள் இதையும் சொல்வதில்லை.

விக்ரமின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். பூமியிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட, காற்றே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், சுமார் 130 மீட்டர் கண்ணாடி தேவை. சிலியில் எழும்பிவரும் மாபெரும் தொலைநோக்கிக்கே 39 மீட்டர்தான். சந்திரயான்-2 தாய்க்கலம் 2023 ஆகஸ்டில் விக்ரமைப் படமெடுத்ததென்றால், அது நிலவுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டிருந்ததால்தான்.