பாலிசியைத் திருத்தினா போதாது, GSTR-1-லயும் திருத்தச் சொல்லுங்க

நீங்க மாசச் சம்பளம் வாங்குறவரா இருக்கலாம். ஆனா வீட்ல அப்பா கடை வச்சிருந்தா, அந்தக் கணக்கு ஞாயித்துக்கிழமை உங்க தலையிலதான் விழும். அப்படி ஒரு நண்பர் 2025 அக்டோபர் கடைசியில போன் பண்ணினார். அப்பாவுக்குக் காஞ்சிபுரத்துல பட்டுச் சேலைக் கடை. ஸ்டாக்குக்கு 2024 ஜூன்ல தீ விபத்து பாலிசி எடுத்தாங்க. பிரீமியம் 42,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 7,560. பில்லில் கடை பேர் இருக்கு, ஜிஎஸ்டி எண் இடம் காலி. ஏஜென்ட் பான் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கார்.

"சின்னத் தொகை, செலவுல போட்டுடலாம்"னு சொல்ற ஆடிட்டர்கள் உண்டு. எனக்கு அது சரின்னு படல. சேலைக்கு வரி 5 சதவீதம். 1,51,200 ரூபாய்க்கு வித்தாதான் 7,560 வரி வரும். அவ்வளவு விற்பனைக்கான வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டாம்.

இவங்க கேட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனி, ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்து ஒரு எண்டார்ஸ்மென்ட் அனுப்பிடுச்சு. முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. ஆனா அந்த பில் இவங்க GSTR-2B-ல வரவே இல்லை. காரணம், கம்பெனி தன் GSTR-1-ல அதைப் பதிவு இல்லாதவருக்கான விற்பனை மொத்தத்துல சேர்த்திருக்கு. பாலிசித் தாள் மாறினாலும் அந்தக் கணக்கு மாறாது. 2B-ல வராத பில்லுக்குச் சட்டப்படி கிரெடிட் எடுக்க முடியாது.

அதனால கம்பெனியோட வரிப் பிரிவுக்கே மெயில் போடச் சொன்னேன். பாலிசி எண், பில் எண், தேதி, வரித் தொகை, ஜிஎஸ்டி பதிவுச் சான்று எல்லாம் வச்சு, "பதிவு இல்லாதவர் மொத்தத்துல இதைக் குறைச்சு, எங்க எண்ணுல தனி பில்லா அக்டோபர் GSTR-1-ல காட்டுங்க, திருத்தின பில்லும் அனுப்புங்க"ன்னு கேட்கணும். அவங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரி கூடாது, அதையும் எழுதிடுங்க. பேர்ல ஒரு எழுத்துப் பிழைன்னா இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டாம். இன்சூரன்ஸ் பில்லில் முகவரிகூடக் கட்டாயமில்லை. ஜிஎஸ்டி எண்தான் முக்கியம்.

2024-25 பில்லுக்குக் கடைசி நாள் 2025 நவம்பர் 30னு எல்லாரும் சொல்வாங்க. நிஜமான கெடு நவம்பர் 11. அன்னிக்குள்ள கம்பெனி GSTR-1 போட்டாதான் 14-ம் தேதி 2B-ல வரும், அக்டோபர் GSTR-3B-ல எடுக்கலாம். அடுத்த மாசம் திருத்தினா டிசம்பர்லதான் தெரியும், கதை முடிஞ்சிருக்கும்.

அப்பா தன் காருக்கும், தனக்கு எடுத்த ஹெல்த் பாலிசிக்கும் சேர்த்துக் கேட்கலாமான்னார். அதுக்கெல்லாம் கிரெடிட்டே கிடையாது.

14-ம் தேதி 2B-ல 3,780, 3,780னு ரெண்டு வரியும் வந்துச்சு. போன வருஷம் முழு 49,560-ஐயும் செலவா எழுதியிருந்ததால, 7,560-ஐ இந்த வருஷ வருமானமா காட்டச் சொன்னேன். அதுல மட்டும் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். 2025 ஜூன் ரினியூவல் பில்லிலும் அதே இடம் காலி. அந்த மெயிலும் அன்னிக்கே போயாச்சு.