மெஷின் பொய் சொல்லவில்லை, பட்டைதான்

சேலையூரில் எங்கள் மேல் வீட்டு மாமி பிபி மெஷின் வாங்கினார். எடுத்ததும் மேல் அளவு 156 காட்டியது. "மெஷின்ல ஏதோ கோளாறு, கடையில திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டார். மெஷினை விட்டுவிட்டு மாமியின் கையை அளந்தேன்.

தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் ஒரு புள்ளி. கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் தையல்காரர் டேப்பைச் சுற்ற வேண்டும். மாமிக்கு 37 சென்டிமீட்டர் வந்தது. பட்டையின் மேலே அச்சடித்திருந்ததோ 22–32.

"அதான் சுத்தி ஒட்டிக்குதே?" என்றார் மாமி. ஒட்டுவது வெளித்துணி. வேலை செய்வது உள்ளே இருக்கும் காற்றுப்பை. அது கைச் சுற்றளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அணைக்க வேண்டும். 37 சென்டிமீட்டர் கைக்கு 30 சென்டிமீட்டர் நீளப் பை தேவை. பை குட்டையாக இருந்தால் அழுத்தம் ரத்தக்குழாய்வரை முழுசாகப் போய்ச் சேராது. அதை மூட கூடுதல் காற்று வேண்டியிருக்கும். அந்தக் கூடுதலையும் மெஷின் நம் ரத்த அழுத்தமாகவே கணக்கில் எழுதிவிடும்.

இது பழைய சங்கதிதான். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கட்டிய பட்டையின் அகலம் வெறும் 5 சென்டிமீட்டர். அது அளவை ஏற்றிக் காட்டுகிறது என்று கண்டு 1901இல் அகலப்படுத்தியவர் ஜெர்மனியின் ரெக்ளிங்ஹௌசன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செய்து 2023இல் வெளியான ஆய்வில், பெரிய பட்டை வேண்டியவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது சராசரியாக 5 கூடியது. அதற்கும் பெரியது வேண்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட 20! ஒல்லிக் கைக்காரர்களுக்கு 4 குறைந்தது. எனக்கு இதுதான் பயம்: வயதாகிக் கை மெலிந்தவர்களின் பிரஷர் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது கை இருக்கும் இடம். மாமி சோபாவில் சாய்ந்து, தாழ்வான டீப்பாயில் கையை வைத்திருந்தார். பட்டை நடுமார்பு உயரத்தில் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால், ரத்தத்தின் எடையே சுமார் 8 புள்ளி கூட்டும். பாயில் உட்கார்ந்து தொடைமேல் கை வைத்தாலும் இதே கதைதான். கையை நாமே தூக்கிப் பிடித்தாலும் தசை இறுகி அளவு ஏறும். ஏதாவது தாங்க வேண்டும்.

பெரிய பட்டை வந்தது. மாமி முதுகு சாய்ந்த நாற்காலியில், பாதம் தரையில் பட உட்கார்ந்தார். சாப்பாட்டு மேஜையில் தலையணை, அதன்மேல் கை. இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றாமல் தளர்வான நைட்டி. ஐந்து நிமிடம் பேச்சில்லை. 142. முன்னே காட்டியதில் 14 புள்ளி காணோம், ஆனாலும் 142 வீட்டு அளவுக்கு அதிகம்தான். மாமி டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கையை அளந்துகொண்டு போங்கள். கடையில் "பெருசு, சின்னது" என்று கேட்காமல் சென்டிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். பட்டை மாற்றி அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.