ஒரு வரைகோட்டை நம்பிப் பாலம் கட்டலாமா?

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைக் கொட்டியது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணை வழியாக வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களைச் சூழ்ந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியிலும் வெள்ளம் புரண்டது.

இப்படிப்பட்ட வெள்ளம் ஆற்றுப் படுகையின் மணலை அரித்துக்கொண்டு போகும். பாலத்தைத் தாங்கும் பைல்களின் மேல்பகுதி, மண்ணின் பக்கத்துணையை இழந்து நீரின் தள்ளுவிசைக்கு வளைந்துகொடுக்க வேண்டிவரும். அதனால்தான் இந்த இரு கொம்யூன்களின் ஆற்றோர மண்ணில், தரைக்குக் கீழே முதல் ஏழெட்டு மீட்டருக்குள் பைலின் உடம்பு குறையில்லாமல் இருக்கிறதா என்ற கேள்வி உயிர்நாடியானது. அதற்குப் பதில் தேடும் எளிய சோதனைதான் குறைந்த விசை முழுமைச் சோதனை. எளிதாகச் செய்துவிடலாம், ஆனால், அதை எளிதாகப் படித்துவிட முடியாது என்பதே என் வாதம்.

தட்டினால் என்ன தெரியும்?

பைல் தலையில் சேறு கலந்த பலவீனமான காங்கிரீட்டை உடைத்து நீக்கி, கெட்டியான பரப்பைச் சமமாக்க வேண்டும். அதில் ஒரு சிறிய முடுக்கமானியை மெழுகு கொண்டு ஒட்டி, பிளாஸ்டிக் முனை கொண்ட கைச்சுத்தியலால் தட்டுகிறோம். அதிர்வலை காங்கிரீட் வழியே நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் கீழே போய், அடிமுனையில் பட்டுத் திரும்புகிறது. 18 மீட்டர் நீளமுள்ள பைலில், போய்வர 36 மீட்டர். அதாவது 9 மில்லி விநாடி. ஒத்த வரைகோடுகள் தரும் பல தட்டல்களின் சராசரியே பதிவாகிறது. கீழே போகப் போக மண் அலையைத் தின்றுவிடுவதால், பிந்தி வரும் எதிரொலியைக் கருவியில் பெருக்கிப் பார்க்கிறோம்.

வழியில் பைல் மெலிந்திருந்தாலோ, காங்கிரீட் பலவீனமாக இருந்தாலோ, தட்டிய அதே திசையில் தலையை அசைக்கும் அலை முன்கூட்டியே திரும்பும். பைல் பருத்திருந்தால், எதிர்த்திசையில் அசைக்கும் அலை திரும்பும். மண்ணில் நிற்கும் அடிமுனை பெரும்பாலும் அதே திசையிலும், கடும்பாறையில் பதிந்த அடிமுனை எதிர்த்திசையிலும் பதில் சொல்லும். மொத்த இலக்கணமும் இவ்வளவுதான். சிக்கல், இதை ஒரு குறிப்பிட்ட மண்ணில் பொருத்திப் படிப்பதில்தான் வருகிறது.

ஒரே குறி, இரண்டு பொருள்

பாகூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்துக்கு 600 மி.மீ. விட்டமும் 18 மீட்டர் நீளமும் கொண்ட பைல்கள் போடப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேலே 5 மீட்டர் வரை இரும்பு லைனர். அதன் கீழே நீர் ஊறிய தளர்மணல். 6.5 மீட்டரிலிருந்து களிமண். வரைகோட்டில் 3.25 மில்லி விநாடியில், தட்டிய திசையிலேயே தெளிவான ஒரு மேடு தெரிகிறது. கணக்கிட்டால் ஆழம் 6.5 மீட்டர். "இந்த இடத்தில் பைல் மெலிந்துவிட்டது" என்று எழுதிவிடலாமா?

அவசரப்படக் கூடாது. அதற்குச் சற்று முன்னால், 2.5 மில்லி விநாடியில், எதிர்த்திசையில் ஒரு பள்ளம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லைனர் முடிந்த இடத்தில் மணல் சரிந்து, அந்த வெற்றிடத்தையும் காங்கிரீட் நிரப்பியிருந்தால், பைல் 5 மீட்டரில் பருத்து, களிமண்ணில் மீண்டும் தன் அளவுக்குத் திரும்பும். அப்படித் திரும்புவதையும் அலை மெலிவாகவே காட்டும். அது குறையல்ல. பள்ளம் எதுவும் இல்லாமல் மேடு மட்டும் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ட்ரெமி குழாயை அவசரமாக உயர்த்தி, அதன் வாய் காங்கிரீட்டைவிட்டு வெளியே வந்து, பென்டோனைட் சேறு உள்ளே கலந்ததற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் சான்று வரைகோட்டில் இல்லை; காங்கிரீட் போட்ட நாளின் பதிவேட்டில் இருக்கிறது. இந்தப் பைலுக்குக் கணக்குப்படி 5.1 கன மீட்டர் காங்கிரீட் போதும். ஒரு கன மீட்டர் ஊற்றினால் மட்டம் ஏறத்தாழ 3.5 மீட்டர் உயர வேண்டும். மணல் அடுக்கில் 2.5 மீட்டர் மட்டுமே உயர்ந்திருந்தால் அங்கே பைல் பருத்திருக்கிறது, 4.5 மீட்டர் உயர்ந்திருந்தால் மெலிந்திருக்கிறது. ஒரே லாரி காங்கிரீட்டில் பைல் முடிந்துவிடும் என்பதால், லாரிக் கணக்கு இதற்கு உதவாது. ஒவ்வொரு கன மீட்டருக்கும் குண்டு கட்டிய டேப்பை இறக்கி மட்டத்தை அளந்து எழுதியிருக்க வேண்டும். இந்த அளவு எழுதப்படாத பைலில், 6.5 மீட்டர் மேட்டுக்கு யாராலும் உறுதியாகப் பொருள் சொல்ல முடியாது. பக்கத்துப் பைல்களின் வரைகோடுகளோடு ஒப்பிடுவதும் உதவும். எல்லாவற்றிலும் அதே பள்ளமும் மேடும் இருந்தால் அது மண்ணின் கையெழுத்து. ஒன்றில் மட்டும் மாறியிருந்தால், அந்தப் பைலைத் தனியே ஆராய வேண்டும்.

நீளத்தை வளைக்கும் வேகம்

இன்னொரு பிழை, அலைவேகத்தைச் சரிக்கட்டுவது. அடிமுனை எதிரொலி 9 மில்லி விநாடிக்குப் பதிலாக 7.8-லேயே வந்துவிட்டது என்று கொள்வோம். வேகத்தை 4,615 மீட்டர் என்று கருவியில் மாற்றினால், நீளம் அழகாக 18 மீட்டருக்கு வந்துவிடும். ஆனால், பைல்களுக்குப் போடும் வழக்கமான காங்கிரீட்டில் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்க முடியாது. 4,000 என்று வைத்தால் பைலின் நீளம் 15.6 மீட்டர்தான். ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில் 1999-ல் பைல்கள் வரைபடத்தில் இருப்பதைவிடக் குட்டையாக இருப்பது அம்பலமாகி, கட்டி எழுப்பிய 34 மாடிக் கட்டடங்கள் இரண்டை இடிக்க நேர்ந்தது. ஆகவே, அறிக்கையில் நீளத்தோடு அதற்கு எடுத்துக்கொண்ட வேகத்தையும் பார்க்க வேண்டும். வேகத்தில் 5% ஐயம் இருந்தாலே 18 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் மாறிவிடும் என்பதால், அரை மீட்டர் குறைவை இந்தச் சோதனை பிடித்துவிடும் என்று யாரும் உறுதி கொடுக்கக் கூடாது.

சோதனையின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். சுத்தியல் அடியின் துடிப்பு ஓயும் முன் வரும் எதிரொலி அதிலேயே கலந்துவிடுவதால், தலைக்கு அருகில் உள்ள குறை மறைந்துபோகும். விட்டத்தைப் போல 30 மடங்குக்கு மேல் நீளம் போனால், அடிமுனை பெரும்பாலும் கேட்காது. நம் 18 மீட்டர் பைலே அந்த விளிம்பில்தான் நிற்கிறது. 7 மீட்டரில் பெரிய வெடிப்பு இருந்தால் 3.5, 7, 10.5 மில்லி விநாடிகளில் சம இடைவெளியில் எதிரொலி திரும்பத் திரும்ப வரும். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. துளையின் அடியில் தங்கிய சேற்றையும் இது நம்பகமாகக் காட்டாது. பைல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கும் இதில் பதில் இல்லை. அதற்குப் பாரச் சோதனைதான் வழி.

என்ன செய்ய வேண்டும்?

பைல்களின் முழுமைச் சோதனைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 14893, 2001-லேயே வந்துவிட்டது. வில்லியனூர், பாகூர் போன்ற ஆற்றோரப் பகுதிகளின் பாலப் பணி ஒப்பந்தங்களில் அதோடு மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். முதலாவது, பைல் கேப் கட்டும் முன் ஒவ்வொரு பைலும் சோதிக்கப்பட வேண்டும். கேப் கட்டிய பிறகு வரைகோட்டைப் படிப்பது கடினம், திருத்துவது அதைவிடக் கடினம். இரண்டாவது, "திருப்தி" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, மூல வரைகோடு, எடுத்துக்கொண்ட வேகம், துளையிட்ட மண் விவரம், கன மீட்டர்வாரியான காங்கிரீட் மட்டம் ஆகிய நான்கும் ஒரே தாளில் தரப்பட வேண்டும். மூன்றாவது, சோதிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் ஒப்பந்ததாரராக இருக்கக் கூடாது; பணியை ஒப்படைத்த துறையே அவரை அமர்த்த வேண்டும்.

ஐயம் எழுந்த பைலில் குறை மேலே இருந்தால் சுற்றிலும் தோண்டிப் பார்க்கலாம். ஆழத்தில் இருந்தால் துளையிட்டுக் காங்கிரீட் மாதிரி எடுக்கலாம். குறை உறுதியானால், பக்கத்தில் ஒரு பைல் கூடுதலாகப் போட்டு, கேப்பின் வடிவமைப்பை மாற்றலாம். இந்தச் செலவு ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி ஒதுக்கப்பட்டிருந்தால்தான், சோதனைப் பொறியாளர் தயங்காமல் "ஐயம்" என்று எழுதுவார். அந்த ஒதுக்கீடு இல்லாத இடத்தில், எல்லாப் பைல்களுக்கும் "திருப்தி" என்றே அறிக்கை வந்துகொண்டிருக்கும்.

- கட்டுரையாளர், அடித்தளப் பரிசோதனைப் பொறியாளர்.