மறுகூட்டல் யாருடைய வேலை?

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு ஓர் அறிவிப்பும் வரும். மறுகூட்டல் வேண்டுவோர் பணம் கட்டி விண்ணப்பிக்கலாம், இத்தனை நாள் அவகாசம் என்று. அண்மை ஆண்டுகளில் மறுகூட்டலுக்கு ஒரு பாடத்துக்கு 205 ரூபாய், விடைத்தாள் நகலுக்கு 275 ரூபாய். பார்த்தால் மாணவருக்குத் தரப்படும் உரிமை போலத் தெரிகிறது. அரசுப் பள்ளியில் கணிதம் நடத்திக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கும் போய்வருகிற எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. முடிவு வெளியாவதற்கு முன்புவரை கூட்டலைச் சரிபார்ப்பது தேர்வு நடத்துபவரின் கடமை. வெளியான மறுநொடியே அது மாணவரின் செலவாகிவிடுகிறது.

பிழை எங்கே நுழைகிறது என்று முதலில் பார்ப்போம். 600க்கு எத்தனை என்று கடைசியில் கூட்டுவது கணினி. அது தப்பாகக் கூட்டாது. ஆனால் அந்த எண் அங்கே போய்ச் சேரும்முன் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு விடைக்கும் உள்ளே போட்ட மதிப்பெண்ணை முகப்புத்தாளின் கட்டங்களுக்கு எடுத்தெழுத வேண்டும். கட்டங்களைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைக் கணினியில் ஏற்ற வேண்டும். திருத்திய தாளை இன்னொருவர் கூட்டிப் பார்க்கும் ஏற்பாடு முகாமில் உண்டு. ஆனால் தாளோடு நிற்கும் சரிபார்ப்பு, தாளுக்கு வெளியே எண் இடம் மாறும்போது நடக்கும் பிழையைப் பிடிக்காது.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ் 72, ஆங்கிலம் 58, இயற்பியல் 61, வேதியியல் 66, உயிரியல் 69. கணிதத்தில் எழுத்துத் தேர்வு 64, அகமதிப்பீடு 10, ஆக 74. மொத்தம் 400. கணிதத் தாளின் 64ஐக் கணினியில் ஏற்றும்போது இலக்கம் இடம்மாறி 46 ஆகிவிடுகிறது. கணிதம் 56, மொத்தம் 382. ஆறு பாடங்களையும் எத்தனை முறை கூட்டினாலும் இனி 382தான் வரும். கூட்டல் சரி, உள்ளே போன எண்தான் தவறு.

மொத்தத்தில் இது 18 மதிப்பெண்தான். பொறியியல் கட்‑ஆஃப் கணக்கில் கணிதம் முழுசாகச் சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாகச் சேரும். அவளுக்கு வரவேண்டியது 200க்கு 137.5. வருவது 119.5. நம் இட ஒதுக்கீட்டுப் பட்டியலுக்குள்ளும் வரிசையை மதிப்பெண்தானே தீர்மானிக்கிறது? அரை மதிப்பெண் வித்தியாசத்தில் கல்லூரி கைநழுவும் இடத்தில் 18 மதிப்பெண் போகிறது.

இதைப் பிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த வழிதான். 24 தாள் கொண்ட ஒரு கட்டு திருத்தி முடிந்ததும், எண்ணை ஏற்றப்போகிறவர் அல்லாத வேறொருவர், தாள்களைப் பார்த்து 24 மதிப்பெண்களையும் கூட்டிக் கட்டின் மேல் எழுதிவிட வேண்டும். 1,236 என்று வைத்துக்கொள்வோம். பிறகு கணினியில் ஏறிய அதே 24 எண்களின் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும். 1,218 என்று காட்டினால் கட்டைப் பிரித்தாக வேண்டும்.

எங்கே தேடுவது என்பதையும் அந்த வித்தியாசமே சொல்லும். ஓர் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம்மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் இருக்கும். 18 என்றால் இரண்டு ஒன்பது. அப்படியானால் இலக்கங்களுக்கிடையே இரண்டு வித்தியாசம் உள்ள 46, 35, 57 போன்ற பதிவுகளை முதலில் எடுத்துப் பார்த்தால் போதும். வித்தியாசம் 10 என்றால், கூட்டும்போது மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை யாரோ விட்டிருக்கலாம். இவை குறிப்புகள்தான், சான்றுகள் அல்ல. தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே கட்டில் ஒருவருக்கு 18 குறைந்து இன்னொருவருக்கு 18 கூடியிருந்தால் மொத்தம் பொருந்திவிடும். திருத்தாமலே விட்டுப்போன விடையையும் இது காட்டாது. அதற்கு ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு கட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாத வேலையில், எண் ஏறும் இடத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை முடிவு வெளியாகும் முன்பே சிக்கிவிடும்.

தவறினால் என்ன ஆகும் என்பதைத் தெலங்கானா 2019இல் பார்த்தது. அந்த ஏப்ரலில் வெளியான இன்டர்மீடியட் முடிவுகளில், தெலுங்குத் தாளில் 99 பெற்ற ஒரு மாணவிக்கு 0 என்று வந்தது. திருத்தியவர் மதிப்பெண்ணுக்கான வட்டங்களைத் தவறாக நிரப்பியிருந்தார், சரிபார்க்க வேண்டியவரும் கவனிக்கவில்லை. தேர்வெழுதிய சிலருக்கு ‘வரவில்லை’ என்று பதிவாகியிருந்தது. முடிவுகளை அடுத்து மாணவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். போராட்டங்களுக்குப் பிறகு, தோல்வி என்று அறிவிக்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தாள்களையும் கட்டணமில்லாமல் சரிபார்க்க அரசு உத்தரவிட்டது. 1,137 பேர் தேர்ச்சி பெற்றவர்கள் என்று தெரியவந்தது. இலவசமாக, எல்லோருக்கும், கேட்காமலே சரிபார்க்க முடியும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. அதை முடிவுக்கு முன்பு செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த 0 ஏன் உடனே வெளியே வந்தது? முந்தைய ஆண்டு நல்ல மதிப்பெண் எடுத்த மாணவி என்பதால் யாராலும் அதை நம்ப முடியவில்லை. நான் சொன்ன மாணவிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவள் தோற்கவில்லை. சேரியிலிருந்து வரும், வீட்டில் முதலாவதாகப் பிளஸ் டூ எழுதிய பெண்ணுக்குக் கணிதத்தில் 56 என்றால் ஊருக்கு அது இயல்பாகவே படுகிறது. “இவளுக்கு இதுவே அதிகம்” என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவளும் தன் கணக்கைத்தான் சந்தேகிப்பாளே தவிர, அச்சிட்ட எண்ணை அல்ல. அவள் அப்பாவின் ஒருநாள் நூறுநாள் வேலைக் கூலியில் பெரும்பகுதி அந்த 205 ரூபாய். எதையும் சந்தேகிக்காத ஒருத்தி அதை எதற்காகக் கட்டப்போகிறாள்?

மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தாலும் ஆறு பாடத்துக்கும் நகல் கேட்பார்கள். கேட்பவர்களின் பிழை திருத்தப்படுகிறது, கேட்காதவர்களின் பிழை ‘தகுதி’ ஆகிவிடுகிறது. பிறகு அந்தத் தகுதியைக் காட்டித்தான் நம்மிடம் இட ஒதுக்கீடு எதற்கு என்று கேட்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. கட்டு மொத்தம் பொருந்தாமல் எந்தப் பாடத்தின் முடிவும் வெளிவரக் கூடாது. ஒருவர் பணம் கட்டிக் கேட்டதில் கூட்டல் பிழை உறுதியானால், அவர் பணத்தைத் திருப்பித் தருவதோடு, அந்தக் கட்டில் மீதமுள்ள 23 தாள்களையும் யாரும் கேட்காமலே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில், ஒரே மேசையில், அதே களைத்த கண்கள் பார்த்த தாள்கள் அவை. மூன்றாவதாக, மறுகூட்டலில் எத்தனை மதிப்பெண்கள் மாறின என்பதைப் பாடவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

உங்கள் தெருவில் இந்த ஆண்டு முடிவு பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எதிர்பார்த்த மதிப்பெண் என்ன என்று முடிவு வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள். வந்த எண் அதிலிருந்து வெகுவாகத் தள்ளி நின்றால், முதலில் தாளைச் சந்தேகிக்கச் சொல்லுங்கள்.