சரக்குப் போயிற்று, பணம் எப்போது?

பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர், மக்காச்சோள வியாபாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலை நமக்கு அனுப்பியிருக்கிறார். “முதலாளி அவர்களுக்கு” என்று தொடங்கி, “கஷ்டமாக இருக்கிறது, தாங்கள் பார்த்து ஏதாவது செய்யவும்” என்று முடிகிறது அந்தக் கடிதம். கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார்? எட்டு மாதமாக விவசாயியின் பணத்தில் வியாபாரம் நடத்துகிறவர் ‘முதலாளி’. பணத்துக்கு உரியவர் கை கட்டி நிற்கிறார்!

விஷயம் இதுதான். 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி வியாபாரியின் லாரி களத்துக்கே வந்தது. எடை மேடையில் 8,200 கிலோ. ஈரத்துக்கென்று அங்கேயே 200 கிலோ கழித்தார்கள். மீதி 8,000 கிலோவுக்குக் கிலோ 22 ரூபாய் 50 காசு வீதம் 1,80,000 ரூபாய். 60,000 ரூபாயைக் கையில் கொடுத்து, “மீதி பதினைந்து நாளில்” என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினார் வியாபாரி. 1,20,000 ரூபாய் பாக்கி அப்படியே நிற்கிறது. கதிர் ஒடித்தவர்களின் கூலியையும் உரக்கடைப் பாக்கியையும் தீர்க்க இவர் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் 50,000 வாங்கினார். மாதம் ஆயிரமாக இதுவரை 8,000 ரூபாய் வட்டிக்கே போய்விட்டது. கூலியை நிறுத்தி வைக்காமல் கொடுத்தாரே, அந்த நாணயத்துக்கு அவர் கொடுத்த விலை இது.

கேட்கப்போனால் வியாபாரி என்ன சொல்கிறார்? முதலில், “கோழிப்பண்ணைக்காரர் பணம் தரவில்லை” என்றார். பிறகு, “அடுத்த வாரம்” என்றார். இப்போது, “உங்கள் சோளத்தில் ஈரம் அதிகம், பூஞ்சை பிடித்துவிட்டது, 20,000 கழித்துத்தான் தருவேன்” என்கிறார்.

இந்த ஈரக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் நூற்றுக்குப் பதினாலுக்குள் இருக்க வேண்டும் என்பது வியாபார வழக்கம். அதை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியது சரக்கை ஏற்றுகிற அன்று. அன்றைக்குத்தான் 200 கிலோ கழித்துக்கொண்டார்களே! ஒரே ஈரத்துக்கு இரண்டு முறை கழிவா? கிடங்கில் எப்படி அடுக்கினார்கள், தார்ப்பாய் நனைந்ததா என்பதெல்லாம் விவசாயிக்கு எப்படித் தெரியும்? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. சரக்கை வாங்கியவர், வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலும், தன் சொந்தச் சரக்கைப் போல நடத்தினாலும், ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். இவரோ அதைப் பண்ணைக்கே விற்றுவிட்டார். பண்ணைக்காரர் இவருக்குத் தராதது இவர்கள் இருவருக்குள்ள வழக்கு; விவசாயி விற்றது இவரிடம்.

ஆனால் நியாயம் பக்கத்தில் இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. கடிதத்தில் தேதி இல்லை, தொகை இல்லை. “பார்த்துச் செய்யவும்” என்றால் வியாபாரி பார்த்துக்கொண்டே இருப்பார். மில் தொழிலாளிக்கு இது புரியும். 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சம்பளத்துக்கு 7-ஆம் தேதி, பெரிய மில்லானால் 10-ஆம் தேதி என்று கெடு வைத்த பிறகுதான், ‘தாமதம்’ என்று சொல்லவே ஒரு அளவுகோல் கிடைத்தது. கரும்புக்கு 1966-ஆம் ஆண்டு உத்தரவு 14 நாள் கெடுவும், தவறினால் நூற்றுக்குப் பதினைந்து வட்டியும் விதித்தது. அப்படியும் ஆலைகள் பாக்கி வைத்தன என்பது வேறு கதை. களத்து மேட்டில் வாய்ப்பேச்சாக விற்ற சோளத்துக்குக் கெடுவை விவசாயியே எழுதிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எழுத்து ஏன் முக்கியம்? காலவரம்புச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான். தவணை பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து கணக்கு. தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து. வாயால் பேசிய பதினைந்து நாளை நிரூபிப்பது கஷ்டம். ஆகவே 2028 பிப்ரவரி தொடக்கமே எல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. “அடுத்த வாரம்” என்று நூறு முறை வாயால் சொன்னாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. கெடு முடிவதற்குள், பாக்கி உண்டு என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். வட்டிக்கும் எழுத்து வேண்டும். 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, வட்டி கேட்பேன் என்று எழுத்தில் அறிவித்தால், அதில் குறித்த தேதியிலிருந்து வட்டி கொடுக்கச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கந்துவட்டிக்காரனுக்குக் கொடுத்த அளவு திரும்பாது. என்றாலும் சும்மா விடுவானேன்?

ஆகவே அவருடைய கடிதத்தை இப்படித் திருத்திக் கொடுத்திருக்கிறோம்:

“ஐயா, 2025 பிப்ரவரி 10 அன்று என் களத்தில் தாங்கள் எடுத்துச் சென்ற மக்காச்சோளம், ஈரக் கழிவு போக 8,000 கிலோ. கிலோ ரூ. 22.50 வீதம் விலை ரூ. 1,80,000. அன்று பெற்றது ரூ. 60,000. பாக்கி ரூ. 1,20,000. சரக்கைப் பற்றி அன்று தாங்கள் வேறு குறை எதுவும் சொல்லவில்லை. பாக்கி முழுவதையும் 2025 நவம்பர் 15-க்குள் தீர்க்கவும். ஒரே தடவையில் முடியாவிட்டால், நவம்பர் 15-இல் ரூ. 60,000, டிசம்பர் 15-இல் ரூ. 60,000 என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். இந்தக் கடிதத் தேதியிலிருந்து வட்டியும் கோருவேன். எடைச் சீட்டின் நகல் இத்துடன் உள்ளது.”

வசவு இல்லை, அழுகை இல்லை. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில், அவர் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கேட்டு அனுப்ப வேண்டும். தபால் ரசீதும் ஒரு நகலும் வீட்டில் இருக்கட்டும்.

இதற்குப் பிறகுதான் தந்திரங்கள் வரும். “எடைச் சீட்டைக் கொண்டா, கணக்கை முடிக்கலாம்” என்பார். அசல் சீட்டைக் கையை விட்டுக் கொடுக்கக்கூடாது. பத்தாயிரம் கொடுத்துவிட்டு, “கணக்குத் தீர்ந்தது” என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார். ‘ரூ. 1,20,000 பாக்கியில் வரவு’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டால்தான் வாங்கலாம். முன்தேதியிட்ட செக் கொடுத்து, “நான் சொல்லும்போது போடு” என்பார். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போடாவிட்டால் அது வெறும் காகிதம். பணமில்லாமல் திரும்பினால், பாங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைப் பெற்ற 15 நாளில் அவர் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் செய்யலாம். அது கிரிமினல் வழக்கு என்பதால் வியாபாரிகளுக்கு அதில் கொஞ்சம் பயம் உண்டு.

அதே ஊரில் இன்னும் சிலருக்கு அதே வியாபாரி பாக்கி வைத்திருக்கிறார் என்றும் நண்பர் எழுதியிருக்கிறார். அவரவர் எடையையும் தொகையையும் போட்டு, ஒரே கெடுத் தேதியை வைத்து, எல்லாரும் ஒரே நாளில் தனித்தனிக் கடிதம் அனுப்பட்டும். அன்று லாரியில் மூட்டை ஏற்றிய கூலித் தோழர்கள் எத்தனை மூட்டை ஏறியது, எவ்வளவு கழித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். எடைச் சீட்டுத் தொலைந்துபோனவர்களுக்கு அவர்களே சாட்சி. அவர்களுடைய பெயரையும் அன்றைய மூட்டைக் கணக்கையும் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி நண்பருக்குப் பதில் எழுதியிருக்கிறோம்.